செவ்வாய்க்கிழமை நேரில் வந்தவள்

பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று அவள் நோட்டரி வக்கீலின் அலுவலகத்துக்கு நேரில் வந்தாள். அடையாள அட்டை காட்டினாள், எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி சொன்னாள், அவர் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள். காகிதம் அப்படித்தான் சொல்கிறது. நீல மையில் வட்ட முத்திரை, அதன் குறுக்கே ஒரு கிறுக்கல் கையெழுத்து, ஓரத்தில் பதிவு எண்.

அதே செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்துக்குள் இறங்கியவள், மாலை ஏழு மணி வரை மேலே ஏறவில்லை. அடுத்த ஷிப்டுக்காரிக்குக் காய்ச்சல். அவள் வேலையையும் இவள்தான் பார்த்தாள். எண்ணூற்றுப் பன்னிரண்டு படுக்கை விரிப்பு, முந்நூற்று நாற்பது தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி ஆறு மூட்டை. ஒவ்வொன்றும் ஏட்டில் இருக்கிறது, அவள் கையெழுத்தோடு.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் ‘பிரிச்சுக்காட்டு’. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வார்டிலிருந்து அழுக்குத் துணி மூட்டை வந்ததும் வார்டு ஆள் சீட்டை நீட்டுவான். கையெழுத்துப் போட்டால் அவன் போய்விடலாம். அவள் போடமாட்டாள். “பிரிச்சுக் காட்டு” என்பாள். மூட்டையைப் பிரித்து, தரையில் கொட்டி, எண்ணி, உதறி, அதற்கப்புறம்தான் பேனாவை எடுப்பாள். அவசரத்தில் இருக்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். கடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாள்.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வருடம் முன்னால் ஒரு நாள், மூட்டை கட்டியபடி இருக்க, ‘சோதித்துப் பெற்றேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். வார்டு ஆள் அவசரப்படுத்தினான், அவளும் சரி என்றாள். உள்ளே விரிப்பின் மடிப்பில் ஒரு ஊசி கிடந்தது. கூட வேலை பார்த்தவளின் உள்ளங்கையில் ஏறியது. ஆறு மாதம் அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை, பயம், மறுபடி ரத்தப் பரிசோதனை என்று அலைந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் மேஸ்திரி அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் தன் கையெழுத்தே தன்னைப் பார்த்து முறைத்தது.

அப்படிப்பட்டவள்தான் போன திங்கட்கிழமை, விசா ஏஜென்ட் கடையில், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட ஐந்து இடத்திலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

தங்கைக்காக. இவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, தங்கைக்கு முப்பத்தெட்டு. அம்மா போனபோது தங்கைக்கு இரண்டு வயது. இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போய், இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்தை விட்டும் நின்றாள். அந்தத் தங்கை இப்போது கடல் தாண்டி, புருஷனோடும் ஆறு வயதுப் பெண் குழந்தையோடும் இருக்கிறாள். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். அடுத்த மாதம் பதினோராம் தேதி ஆபரேஷன். தங்கை புருஷன் வண்டி ஓட்டுகிறவன், ஷிப்ட் மாறி மாறி வரும். குழந்தையைப் பார்க்கவும் தங்கையைப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

“அக்கா, அவங்க எங்க போடச் சொல்றாங்களோ அங்க போட்டுட்டு வந்து சேரு. உன் கேள்வியெல்லாம் இங்க வந்து கேட்டுக்கோ” என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். பேசும்போதே மூச்சு வாங்கியது. அந்த மூச்சுதான் இவள் வாயைக் கட்டியது.

ஆனாலும் கேட்டாள். விசா படிவத்தோடு வந்த விவரத்தாளில் ஒரு வரி: விண்ணப்பதாரரின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபட்டால் நோட்டரைஸ் செய்த அஃபிடவிட் இணைக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வீட்டில் கூப்பிட்ட பெயர். அக்கா தங்கை என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும். ஆக இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

“தம்பி, அஃபிடவிட்னா என்னப்பா?”

“ஒண்ணுமில்லக்கா. ஒரு லெட்டர்.”

“நோட்டரைஸ்டுன்னு போட்டிருக்கே?”

“அந்த லெட்டருக்கு ஒரு சீல். அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். நீங்க குறி போட்ட இடத்துல மட்டும் போடுங்க. பின்னாடி பாருங்க, எத்தன பேர் நிக்கிறாங்க.”

பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். எண்ணினாள். எண்ணிவிட்டுப் போட்டாள்.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்து, ஏஜென்ட் கடைக்குப் போய்க் கோப்பை வாங்கினாள். வியாழன் காலை ஒன்பதே காலுக்கு விசா மையத்தில் நேரம். அதைத் தவறவிட்டால் அடுத்த நேரம் ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைக்கும். ஐந்து வாரம் என்றால் ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்திருப்பார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தவள், நின்று, திரும்பி ஆஸ்பத்திரிக்கே நடந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் ஒரு மூட்டை இருக்கிறது, பிரிக்கவில்லை. அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி வார்டின் தலைமை நர்ஸ் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்தாறு வருடமாக விரிப்புக் கணக்குக்காக அடித்துக்கொண்டு, அதனாலேயே சிநேகிதம் ஆனவர்கள்.

“இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுடி. ஆங்கிலத்துல எழுத்து தெரியுது, சேதி தெரியல.”

நர்ஸ் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாம் தாளில் நின்றுவிட்டாள்.

“ஏய், நீ எப்போ ஆம்பளையானே?”

“என்னடி உளர்றே?”

“இது செலவுக்குப் பொறுப்பு ஏத்துக்கறவங்க குடுக்கற அஃபிடவிட். ‘நான், இன்னாரோட கணவன், என் மனைவியோட அக்காவுக்கு ஆகற செலவெல்லாம் ஏத்துக்கறேன்’னு இருக்கு. கீழ கையெழுத்து உன்னுது. உன் தங்கச்சி புருஷன் போட வேண்டியதை நீ எப்படிப் போட்டே?”

“அவன்தான் அங்கயே, அந்த ஊரு நோட்டரி முன்னாடி போட்டு கூரியர்ல அனுப்பிட்டானே! இந்தக் கோப்புலதான் வெச்சேன்.”

நர்ஸ் புரட்டினாள். அந்த அசல் காகிதம் கோப்பின் கடைசியில், உறையோடு மடித்துச் செருகப்பட்டிருந்தது. அதில் எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பார்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

“அடுத்தது பேர் விஷயம். ரெண்டு பேரும் ஒரே ஆள்… சரி. பிறந்த தேதி… சரி. அஞ்சாவது பத்தி.” நர்ஸின் குரல் இறங்கியது. “‘எந்த நாட்டு விசாவும் எனக்கு இதுவரை மறுக்கப்பட்டதில்லை.’ ஆறு வருஷம் முன்னாடி உன் தங்கச்சி பிரசவத்துக்குப் போகப் பாத்தியே, அது?”

“குடுக்கலன்னுட்டாங்க.”

“அப்போ இது பொய். படிவத்துலயும் பதினாலாவது கேள்விக்கு ‘இல்லை’ன்னு டிக் அடிச்சிருக்கு. சத்தியம் பண்ணிப் பொய் சொல்லியிருக்கே. எங்க, எப்போ பண்ணினேன்னும் போட்டிருக்கு. நேத்து, நோட்டரி முன்னாடி. நேத்து நீ எங்கடி இருந்தே?”

“உன் வார்டு பெட்ஷீட்டை எண்ணிட்டு இருந்தேன். ரெண்டு குறைஞ்சுது.”

நர்ஸ் சிரிக்கவில்லை. இவளுக்கும் சிரிப்பு வரவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஏஜென்ட் கடையில் வரிசை அப்படியே இருந்தது. அவள் வரிசையில் நிற்கவில்லை. நேராக மேசைக்குப் போய்க் கோப்பை வைத்தாள். வைத்த சத்தத்தில் அவனுடைய பேனாக் குவளை கவிழ்ந்தது.

“என்னக்கா?”

“எனக்கு விசா மறுத்ததே இல்லன்னு யாருடா எழுதச் சொன்னா?”

“ஓ, அதுவா. அது நம்ம ஃபார்மட்டுக்கா. எல்லாருக்கும் அதே பத்திதான். பேரும் தேதியும் மட்டும் மாத்துவோம்.”

“எல்லாருக்கும் ஒரே உண்மையா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, ஆறு வருஷத்துக்கு முந்தின கதை. யாரு போயி தோண்டப் போறா?”

“என் பத்து விரலையும் கண்ணாடில அமுக்கி வாங்கிக்கிட்டாங்களே. அதைத் திருப்பியா குடுத்துட்டாங்க? நாளைக்கு அதே விரலைத்தானே வெக்கப் போறேன்?”

அவன் கணினித் திரையைப் பார்த்தான். பிறகு, “சீல் போட்டாச்சுக்கா. இனி மாத்த முடியாது. பேசாம குடுத்துட்டுப் போங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல.”

“மிச்சம் பத்துப் பேரு?”

“விதி.”

அவனை ஓங்கி ஒன்று விட்டால் என்ன என்று கை பரபரத்தது. இருபத்தாறு வருடம் ஈரத் துணி பிழிந்த கை. அவன் கன்னம் தாங்காது. கோப்பை எடுத்துக்கொண்டாள். வரிசையைப் பார்த்துத் திரும்பி, “குறி போட்ட இடத்துல போடறதுக்கு முன்னாடி அஞ்சாவது பத்தியப் படிங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மூன்று பேர் தங்கள் தாள்களைப் புரட்டுவது காதில் விழுந்தது.

முத்திரையில் முகவரி இருந்தது. கோர்ட்டுக்கு எதிர் வரிசை, இரண்டாம் மாடி. மணி மூன்றரை.

வழியில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பள்ளிக்கூட வாயிலில் காவலாளி, பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசுவார்.

“இரும்புப் பெட்டில, கல்யாணப் புடவைக்கு அடியில, பழைய விசா கடுதாசி இருக்கு. வீட்டுக்குப் போயி எடுத்து, என்ன எழுதியிருக்குன்னு பக்கத்து வீட்டு டீச்சரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சொல்லுங்க.”

“இப்பவா? மணி அடிக்கிற நேரம்! நாளைக்குப் போகணும், இப்ப வந்து கிளறிக்கிட்டு. கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சுட்டு வாயேன்.”

“போட்டுத் தொலைச்சதாலதான் இப்ப தெருவுல நிக்கிறேன். போறீங்களா, நான் வரவா?”

அவர் போனார்.

நோட்டரியின் அறை சின்னது. மேசை, சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம், மின்விசிறிக்கு அடியில் பறக்காமலிருக்க ஒவ்வொரு காகிதக் கட்டின் மேலும் ஒரு கண்ணாடி உருண்டை. அறுபதைத் தாண்டிய மனிதர், வெள்ளைச் சட்டை, களைத்த கண். தலையைத் தூக்காமலேயே நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்காரவில்லை. “ஐயா, என்னைத் தெரியுதா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “யாரும்மா நீங்க? எந்த கேஸ்?”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“ஞாபகம் இல்லையேம்மா.”

“நேத்துத்தான் வந்தேன். உங்க முன்னாடி நின்னு சத்தியம் பண்ணினேன். அதுக்குள்ள மறந்துட்டீங்களே?”

தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் முத்திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் முத்திரையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

“உக்காருங்கம்மா.”

“உங்க ஏட்டைக் காட்டுங்க. நம்பர் போட்டிருக்கீங்களே, அந்த நம்பர்ல என் கையெழுத்து இருக்கணும். ஏடு எழுதறவ நான். எனக்குத் தெரியும்.”

பதிவேட்டை அவர் திறக்கவில்லை. திறந்தால் அந்த எண்ணுக்கு நேரே கட்டம் காலியாக இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

“அந்தப் பையன் கட்டாக் கொண்டு வருவான்” என்றார் மெதுவாக. “அடையாள அட்டை நகல் கூட இருக்கும். தெரிஞ்ச பையன். நானும் போட்டுக் குடுத்துடறது.”

“கட்டின மூட்டைக்குக் கையெழுத்து.”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. நான் படிக்காதவ, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இதுல இருக்கறது பொய்னா மாட்டறது யாரு?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். “அஃபிடவிட்ங்கறது உங்க வாக்குமூலம்மா. இதெல்லாம் உண்மைன்னு நீங்க சத்தியம் பண்ணிக் குடுக்கறது. நோட்டரி சீல் போட்டா உள்ள இருக்கறது உண்மைன்னு ஆயிடாது. இந்த ஆள் நேர்ல வந்தாங்க, யாருன்னு பாத்தேன், சத்தியம் வாங்கினேன், என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கு மட்டும்தான் சீல்.”

“அப்போ?”

“உள்ள இருக்கற பொய்க்கு நீங்க பொறுப்பு. வராதவங்களை வந்ததா எழுதினதுக்கு நான் பொறுப்பு.”

“அந்தப் பையன்?”

“அவன் பேர் எங்கயும் இல்லையே.”

ஏஜென்டின் பெயர் ஒரு தாளிலும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்து கையெழுத்து, ஐந்தும் அவளுடையது. அவன் பென்சிலால் குறி மட்டும் போட்டிருந்தான். ரப்பரால் தேய்த்தால் போய்விடும்.

“சரி. அஞ்சாவது பத்தியை அடிச்சுட்டு வேற எழுதிக் குடுங்க.”

“சத்தியம் பண்ணினதா சீல் விழுந்த பேப்பர்ல இஷ்டத்துக்கு அடிச்சுத் திருத்தக் கூடாதும்மா. புதுசாத்தான் போடணும். போட்டுத் தர்றேன். இப்பவே, முறைப்படி.” கையை நீட்டினார். “அந்தப் பழைய பேப்பரைக் குடுங்க. கிழிச்சுடலாம். நடந்தது நடந்துபோச்சு. உங்களுக்கும் நாளைக்கு வேலை ஆகணும், எனக்கும் இந்த வயசுல பேர் கெடக் கூடாது. வெளிய பேச வேணாம். என்ன சொல்றீங்க?”

நான்கு மணி ஐந்து நிமிடம். அவர் பேசியதில் மரியாதை இருந்தது, கெஞ்சலும் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. அவள் கூச்சல் போட்டால் இவர் சீல் போடமாட்டார். ஐந்து மணிக்கு மேல் இந்தத் தெருவில் எந்த அறையும் திறந்திருக்காது. காகிதத்தைக் கொடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடியும், தங்கையிடம் போய்ச் சேரலாம். தங்கையின் மூச்சு காதில் இழுத்தது.

தாளின் மேல் அவள் கையும் இருந்தது, அவர் கையும் இருந்தது.

“எத்தன பேருக்கு இப்படிப் போட்டிருப்பீங்க?” என்று கேட்டாள்.

அவர் ஒரு கண்ணாடி உருண்டையை நகர்த்தி வைத்தார்.

“பத்துப் பேர் விதின்னு சொன்னான் அந்தப் பையன். அந்தப் பத்துப் பேரும் எந்த ஏர்போர்ட்டுல நின்னு முழிக்கிறாங்களோ. நீங்க இங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து கண்ணாடிக் குண்டு வெச்சுப் பேப்பரைக் காப்பாத்திட்டு இருக்கீங்க.” தாளை இழுத்துக்கொண்டாள். “இதுல இருக்கறது என் கையெழுத்து. என்னோடது. உங்க கிட்டக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டுப் போறதுக்கு நான் உங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கேனா?”

“அம்மா, யோசிச்சுப் பேசுங்க. வேற யார் கிட்டப் போவீங்க இந்த நேரத்துல?”

“கிடைக்கலன்னா போகல.”

சொல்லிவிட்டாள். கோப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். போகல என்றால் தங்கை தனியாகப் படுத்திருப்பாள். அப்படி ஒரு வார்த்தையை எப்படி வாயிலிருந்து விட்டோம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் நின்றிருப்பாள். திரும்பி மேலே ஏறவில்லை.

கோர்ட் வளாகத்தில் மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. முதல் நோட்டரி கிளம்பிவிட்டார். இரண்டாமவர் மேசையில் ‘நாளை’ என்று அட்டை. மூன்றாவது மேசையில் ஒரு பெண் வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டைப் அடிக்கிற ஆள் கணினியை மூடக் கை வைத்திருந்தான்.

“மேடம், ஒரு அஃபிடவிட். நாளைக்குக் காலைல விசா.”

“எல்லாருக்கும் நாளைக்குக் காலைலதான் விசா” என்றார் அந்த அம்மாள். ஆனால் கோட்டைக் கீழே வைத்தார். “பாஸ்போர்ட் அசல் இருக்கா? நகலை ஏத்துக்க மாட்டேன்.”

இருந்தது.

“ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பேப்பரா?”

“இல்ல. புதுசா அடிக்கணும். படிச்சுக் காட்டணும். படிக்காம போடமாட்டேன்.”

“அப்படி ஒருத்தர் கேட்டு எத்தன நாளாச்சு. இங்க உக்காருங்க.”

அப்போது போன் அடித்தது. வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு டீச்சர் கூடவே இருந்தார். டீச்சர்தான் பேசினார்: “மறுத்ததுக்குக் காரணம் போட்டிருக்கும்மா. ‘வேலை இல்லை, ஊருக்குத் திரும்பி வருவதற்கான ஆதாரம் காட்டவில்லை.’ வேலைங்கற இடத்துல ‘இல்லத்தரசி’ன்னு எழுதியிருந்துதாம்.”

“யாரு இல்லத்தரசி?”

“நீங்கதான்.”

இருபது வருடம் சலவைக்கூடத்தில் நின்று, ஒரு நாளும் மட்டம் போடாமல், தோள் எலும்பு தேய்ந்து வலிக்கிற நேரத்தில், எவனோ ஒரு பழைய ஏஜென்ட் அவள் வேலையை எழுதாமல் விட்டிருக்கிறான். அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அந்தக் கடுதாசியை ஆறு வருடம் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தாள், தன் மேல் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு. தங்கைக்குப் பிரசவம் ஆனபோது அருகில் யாருமில்லை. அதற்குக் காரணம் இந்த ஒற்றைச் சொல்.

“அம்மா, அழாதீங்க” என்றான் டைப் அடிக்கிறவன்.

“அழறேனா? யாரு அழறா? நீ அடி.”

இரண்டு பெயரும் ஒரே ஆள், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், எந்தெந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது. நான்கே பத்தி. விசா மறுப்பு பற்றி இதில் வேண்டாம், அது படிவத்தில் கேட்ட இடத்தில் சொல்ல வேண்டியது என்றார் வக்கீலம்மா. “படிவத்துக்கு நோட்டரி தேவையில்ல. அதுல சும்மா உங்க கையெழுத்து. ஆனா அதுவும் உங்க வாக்குத்தான். பொய்யா டிக் அடிச்சா அங்கயே மாட்டுவீங்க. ஒருதடவ மறுத்தாங்கன்னு சொன்னா அதுக்காகவே மறுபடி மறுக்கணும்னு இல்ல. மறைச்சது தெரிஞ்சா பல வருஷம் உள்ள விடமாட்டாங்க.”

பிறகு ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொன்னார். ஒரு இடத்தில் அவள் நிறுத்தினாள்: அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. திருத்தி மறுபடி அச்செடுத்தார்கள். பாஸ்போர்ட் படத்தையும் முகத்தையும் வக்கீலம்மா மாற்றி மாற்றிப் பார்த்தார். “இதுல இருக்கறது எல்லாம் உண்மைன்னு உறுதியாச் சொல்றீங்களா?”

“சொல்றேன்.”

“போடுங்க.”

போட்டாள். பதிவேட்டிலும் போட்டாள், பெருவிரல் ரேகையும் வைத்தாள். முத்திரை விழுந்தது. ஆரம்பித்ததிலிருந்து பதினாறு நிமிடம் ஆகியிருந்தது, திருத்தி அச்செடுத்ததையும் சேர்த்து. பதினாறு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஒருவன் குறி போட, இன்னொருவர் முகம் பார்க்காமல் சீல் குத்த, வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் தங்கள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

புதிய படிவத்தை அச்செடுத்து, மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் கேள்வியைச் சொல்லச் சொல்ல அவளே ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். தொழில்: சலவைப் பிரிவு, இருபத்தாறு வருடம். பேனா அழுத்தியதில் காகிதத்தில் பள்ளம் விழுந்தது.

“மெதுவாடி. கிழிஞ்சுடும்” என்றாள் நர்ஸ்.

பதினாலாவது கேள்வி: ஆம். கீழே வருடம், காரணம். இவள் போனில் சொன்னபடி, ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து வேலைச் சான்றும் விடுப்புக் கடிதமும் நர்ஸ் வாங்கி வைத்திருந்தாள். தங்கை புருஷன் அங்கே சத்தியம் செய்து அனுப்பிய அசல், உறையிலிருந்து வெளியே வந்து கோப்பின் முன்பக்கத்துக்கு ஏறியது. அவன் பெயரில் இவள் போட்ட தாளையும், ஐந்தாவது பத்தியில் பொய் இருந்த தாளையும் கோப்பிலிருந்து எடுத்தாள்.

“கிழிச்சுடட்டா?” என்றாள் நர்ஸ்.

“வேணாம். ரெண்டும் வேணும்.”

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு விசா மையத்தின் ஆறாம் கவுன்டரில் கோப்பைக் கொடுத்தாள். கவுன்டர் பெண் பதினாலாவது கேள்வியில் நின்று, “முன்னாடி மறுத்திருக்காங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா. என் வேலையை எழுதாம விட்டதால. இப்ப எழுதியிருக்கேன்.”

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள். பத்து விரலையும் வைக்கச் சொன்னாள். வைத்தாள்.

வெளியே வந்து தபால் நிலையத்துக்கு நடந்தாள். நோட்டரிகளுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு புகார், பழைய தாள்களின் நகல், செவ்வாய்க்கிழமை சலவை ஏட்டின் நகல், மேஸ்திரியின் கையெழுத்தோடு. பதிவுத் தபாலில் போட்டாள். அசலைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். தங்கைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னபோது அவள், “ஏன்க்கா இந்த நேரத்துல வம்பு?” என்றாள். இவள் கோபத்தில் பாதிப் பேச்சிலேயே போனை வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

முடிவு தெரியப் பதினைந்து வேலை நாள் ஆகும் என்று ரசீதில் போட்டிருக்கிறது. அது அடுத்த மாதம் ஆறாம் தேதி, வியாழக்கிழமை. ஆபரேஷன் பதினோராம் தேதி. நாளை வெள்ளிக்கிழமை, அவளுக்குக் காலை ஷிப்ட்.